ஞானேஸ்வரி நிறுத்திய அன்னதானம்

ஞானேஸ்வரிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கண்டாவளைப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். கிளிநொச்சியில் ஒரு காமன்றில், உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் நிற்கிறவள். ஒரு தையல் கோணினாலும் சிவப்பு ஸ்ரிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்த பெட்டை அழுதாலும் அவளுக்குக் கவலையில்லை. "நீ அழுதால் கொலர் நேராகுமோ?" என்று கேட்பாள். அந்தப் பெட்டையே பின்னேரம் அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட கோபம் அது. வரும், கடிக்கும், போய்விடும்.

போகாத கோபம் ஒன்றும் அவளிடம் இருந்தது. அது ஜனகனைப் பற்றியது.

ஜனகன் அவளுடைய புருஷன். உழவு மெசின் திருத்துகிறவர். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிற நாட்களில், சனத்தோடு சனமாக நடந்து வந்தார்கள். மகள் கஜனி அப்போது இடுப்பில் இருக்கிற பிள்ளை. ஆம்பிளைகள் பெயர் பதிய வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள். தண்ணிப் போத்தலை ஞானேஸ்வரியின் கையில் தந்துவிட்டு, "பிள்ளைக்குக் குடு, இந்தா வாறன்" என்று வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் போனவர்களைப் பற்றி அதன் பிறகு எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்றார்கள். ஜனகனின் தமையன் பிரதாபன், வவுனியாவில் கடை வைத்திருக்கிறவர், காணி உறுதிப் பத்திரத்தை மாற்றுவதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று வருசா வருசம் வந்து நின்றார். "செத்ததைப் பார்த்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மச்சான். பிறகு கையெழுத்து வைக்கிறன்" என்று அவரைப் படலை வாசலில் வைத்தே அனுப்பிவிட்டாள். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. ஊரில் சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்ததும் அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

காமன்றில் சரிபார்க்கிற வேலைக்கு உயர்த்தப்பட்டபோது சம்பளம் கொஞ்சம் கூடியது. அந்தக் கூடின காசில் ஒரு பகுதியை அவள் கனகராயன்குளத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு சிறுவர் இல்லத்துக்கு என்று ஒதுக்கினாள். வங்கிக்குப் போய் ஒரு 'ஸ்ராண்டிங் ஓடர்' போட்டுவிட்டாள். மாதம் மாதம் ஐந்தாம் திகதி, அவள் கை வைக்காமலே, அவளுடைய கணக்கிலிருந்து ஒரு தொகை இல்லத்தின் கணக்குக்குப் போய்விடும். மாதத்தில் ஒரு நாள், ஜனகனின் நட்சத்திரத்தில், பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. கூட வேலை செய்யும் சிவரூபி ஒருநாள் ஏனென்று கேட்டாள்.

"அவர் எங்கையோ இருக்கிறார்" என்றாள் ஞானேஸ்வரி. "எந்தச் சிறையோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. ஆனா ஆரோ ஒரு ஆள் அவருக்கு ஒரு வாய் சோறு குடுக்குது. குடுக்காட்டி ஆள் உயிரோட இருக்கேலாதெல்லோ? அந்த ஆளுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்கிறது? ஆரின்ரயோ பிள்ளைக்கு நான் சோறு போடுறன். அவ்வளவுதான்."

அந்தக் காசு ஞானேஸ்வரிக்குத் தர்மம் இல்லை. ஜனகன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மாதம் ஒருமுறை அவள் போடுகிற கையெழுத்து அது.

மூன்று நான்கு வருசமாகக் காசு போனதே தவிர, அவள் இல்லத்துக்குப் போனதில்லை. லீவு கிடைப்பதில்லை. இந்த ஆவணியில் ஜனகனின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. "வாறியோ?" என்று கஜனியைக் கேட்டாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்திருந்த கஜனி, தனக்கு ஞாயிறும் வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞானேஸ்வரி ஒரு பெட்டி நிறைய லட்டு வாங்கிக்கொண்டு, ஏ-ஒன்பது வீதியில் வவுனியா பஸ்ஸில் ஏறி இல்லத்தடியில் இறங்கினாள்.

இல்லத்தை நடத்துகிறவர் மயில்வாகனம் ஐயா. ஓய்வுபெற்ற அதிபர். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், யாரையும் 'பிள்ளை' என்றே கூப்பிடுகிற நல்ல மனுசன். கையைப் பிடிக்காத குறையாக அவளைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனார். பிள்ளைகள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். வாழையிலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆவி பறக்க இருந்தன. ஞானேஸ்வரி லட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சந்தோசத்தில்தான்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள்.

சுவர் முழுவதும் படங்கள். கிழவர்கள், கிழவிகள், ஒரு சின்னப் பெட்டை, ஒரு பாதிரியார். எல்லாவற்றிலும் சந்தன மாலை. நடுவில் ஜனகன். கலியாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்த முகம். தோளுக்குப் பக்கத்தில் அவளுடைய கூறைச் சேலையின் கரை கொஞ்சம் தெரிந்தது. ஜனகனின் கழுத்திலும் சந்தன மாலை. கீழே சின்னச் சிவப்பு பல்ப் ஒன்று விளக்கு மாதிரி எரிந்தது.

ஒரு பொறுப்பான பொடியன் முன்னுக்கு வந்து, "இன்று அமரர் ஜனகன் அவர்களின் பிறந்த தினத்தை முன்னிட்டு, அவரது ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பிரார்த்திப்போம்" என்றான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினார்கள். பழகிப்போன மூடல். எத்தனை மாதமாக மூடினார்களோ!

அவள் காசில், அவள் புருஷனுக்கு, மாதம் தவறாமல் செத்தவீடு நடந்திருக்கிறது.

ஞானேஸ்வரி லட்டுப் பெட்டியை ஒரு கதிரையில் வைத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு சொல் சொல்லவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். கடைசிப் பிள்ளையும் இலையை மடித்துக்கொண்டு எழும்பிய பிறகு, மயில்வாகனம் ஐயாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆர் ஐயா சொன்னது அவர் செத்துப்போனார் எண்டு?"

ஐயா திகைத்துவிட்டார். "பிள்ளை... ஒரு ஆளின்ர பேரில சாப்பாடு எண்டால்... இங்க எல்லாரும் அப்பிடித்தானே தாறவை. திவசத்துக்கு, ஆண்டு நினைவுக்கு..."

"நான் திவசத்துக்கெண்டு சொன்னனானோ?"

"இல்லைத்தான்."

"என்ர நெத்தியில பொட்டு இருக்கு. தெரியேல்லையோ? நீங்கள் என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வரேக்க அதைப் பார்க்கேல்லையோ?"

அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இந்தக் காலத்தில் யார் பொட்டை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்! அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வன்னியில் ஒரு ஆம்பிளையின் பெயரைச் சொல்லி அன்னதானம் கொடுத்தால், அந்த ஆம்பிளை இல்லை என்றுதான் பொருள். கொடுக்கிறவர்கள் அப்படித்தான் கொடுக்கிறார்கள், வாங்குகிறவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருவருக்காக ஒருத்தி மாதம் மாதம் சோறு போடுவாள் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை.

"இந்தப் படம் உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?"

"வீட்டில இருந்து வந்ததெண்டுதான் எங்கட கந்தோர்ப் பிள்ளை சொன்னவா."

பிரதாபன்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வேறு யார்? காணிக்காகத் தம்பி செத்துப்போனதாக எழுத நின்ற மனுசன், படத்துக்கு மாலை போடுவதற்கா யோசிப்பார்? சுவரில் கை வைத்துப் படத்தை அவளே கழற்றினாள். மாலையை உருவிக் கதிரையில் போட்டாள். "இந்த மாசத்தோட நிப்பாட்டுங்கோ ஐயா. இனி என்ர காசு வேண்டாம்."

"நிப்பாட்டிறன் பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் ஐயா. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கோபித்துச் சண்டை பிடிக்கிறவர்களோடு சண்டை பிடிக்கலாம், இப்படி நிற்கிற ஆளோடு என்ன செய்வது?

திங்கட்கிழமை தேத்தண்ணி இடைவேளையில் சிவரூபியிடம் கொட்டித் தீர்த்தாள். சிவரூபி முழுவதையும் கேட்டுவிட்டு, "வாயால சொன்னது காணாது அக்கா, எழுத்தில போடுங்கோ" என்றாள். ஞானேஸ்வரி தொலைபேசியை எடுத்து எழுதத் தொடங்கினாள். எட்டிப் பார்த்த சிவரூபி அதைப் பறித்துவிட்டாள்.

"இதை அனுப்பினால் அந்த மனுசன் நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போகும். பிறகு உண்மையா ஒரு படம் மாட்டவேண்டி வரும்."

"பின்ன என்னெண்டு எழுதுறது?"

"பிள்ளையள் சாப்பிட்டதுகள். அதுகளுக்கு என்ன தெரியும்? மரியாதையா எழுதுவம்."

மரியாதையாக எழுதினார்கள். 'வணக்கம் ஐயா. என் கணவரின் பெயரில் நான் வழங்கிவந்த மாதாந்த அன்பளிப்பை எதிர்வரும் மாதத்திலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு இதுவரை உதவ முடிந்ததில் மகிழ்ச்சி. அவரது பெயரையும் படத்தையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்ததாக ஒரு பதில் தரவும். நன்றி.' 'மகிழ்ச்சி' என்ற சொல்லை ஞானேஸ்வரி இரண்டு தரம் அழித்தாள். சிவரூபி இரண்டு தரம் திரும்பப் போட்டாள். பின்னேரம் பதில் வந்தது. கிடைத்தது என்றும், தங்கள் பதிவில் நிறுத்திவிட்டோம் என்றும், இத்தனை காலமும் செய்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். சரி, முடிந்தது என்று இருந்தாள்.

ஐந்தாம் திகதி காமன்றை விட்டு வெளியில் வந்து, கைப்பைக்குள் வைத்திருந்த தொலைபேசியை எடுத்தாள். வங்கியின் குறுஞ்செய்தி இருந்தது. காசு போயிருந்தது. அதே தொகை, அதே இல்லம்.

மதிலோரம் நின்றே மயில்வாகனம் ஐயாவுக்கு அழைப்பு எடுத்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"என்ன ஐயா, நிப்பாட்டினனாங்கள் எண்டு எழுதிப்போட்டுக் களவாய் எடுக்கிறீங்களோ?"

"ஐயோ பிள்ளை, நாங்கள் எடுக்கிறதில்லை! எங்கட பதிவில உங்கட பேரை வெட்டிப்போட்டம். படத்தையும் திரும்ப மாட்டேல்லை. காசை வங்கியெல்லோ அனுப்புது. நீங்கள் வங்கிக்குச் சொல்லேல்லையோ?"

அவள் வங்கிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யோசிக்கவுமில்லை. கொடுத்த இடத்தில் வேண்டாம் என்றால் முடிந்தது என்று நினைத்திருந்தாள். கடைக்காரனிடம் பால் வேண்டாம் என்றால் அடுத்த நாள் பால் வராது அல்லவா? தன் பிழை என்று தெரிந்தும் அவளுக்கு ஐயாமேல் இருந்த கோபம் குறையவில்லை. தன்மேல் ஒரு கோபம் கூடச் சேர்ந்துகொண்டது.

"இந்த மாசக் காசைத் திருப்பி அனுப்பட்டோ பிள்ளை?"

"வேண்டாம். பிள்ளையளுக்குச் சமையுங்கோ. ஆரின்ர பேரையும் சொல்லாமல் சமையுங்கோ. ஒருத்தரும் கண்ணை மூடத் தேவையில்லை. சாப்பிடட்டும்."

சனி ஞாயிறில் வங்கி இல்லை. அரைநாள் லீவு கேட்டுச் சூப்பவைசரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, ஒரு வேலைநாளில் தான் கணக்கு வைத்திருக்கிற கிளைக்குப் போனாள். இலக்கம் கூப்பிடும்வரை இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர். வயது குறைவு, குரல் இதமாக இருந்தது. ஞானேஸ்வரி விசயத்தைச் சொன்னாள்.

"இது நீங்கள் எங்களுக்குத் தந்த கட்டளை அம்மா" என்றாள் அந்தப் பெண். "நீங்கள் சொல்லும்வரை ஒவ்வொரு மாசமும் அது போய்க்கொண்டுதான் இருக்கும். இல்லம் நிப்பாட்டச் சொன்னாலும் நாங்கள் நிப்பாட்டமாட்டம். கணக்கு ஆரின்ரயோ, அவைதான் நிப்பாட்டலாம்."

"போன காசு?"

"போனதை எங்களால திருப்பி எடுக்கேலாது. அதை இல்லத்திட்டத்தான் கேக்கவேணும்."

"அது போகட்டும். இனிப் போகக்கூடாது."

ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். கணக்கு இலக்கம், காசு யாருக்குப் போகிறது, என்ன தொகை, எந்தத் திகதி, எந்த மாதத்திலிருந்து நிறுத்த வேண்டும். கணக்குத் திறந்தபோது வைத்த அதே கையெழுத்து. அடையாள அட்டை. அடுத்த ஐந்தாம் திகதி வருவதற்கு நாட்கள் இருந்தபடியால் தப்பியது. கடைசி நேரத்தில் கொண்டுவந்து தந்திருந்தால் அந்த மாதமும் போயிருக்கக்கூடும் என்றும் சொன்னாள். ஞானேஸ்வரி எழுதினாள். கோபத்தில் பேனை கடதாசியைக் கிழித்தது. இன்னொரு கடதாசி வாங்கி எழுதினாள்.

கடிதத்தை வாசித்த அந்தப் பெண், தெரியாத்தனமாக ஒன்று கேட்டாள். "ஏனம்மா நிப்பாட்டுறீங்கள்? பிள்ளையளுக்குச் சாப்பாடு. நல்ல காரியமெல்லோ?"

"நீர் கலியாணம் கட்டினனீரோ?"

"ஓம்."

"உம்மட மனுசனுக்கு மாலை போட்டு விளக்குக் கொளுத்திப்போட்டு, அந்த எண்ணெய்க் காசை உம்மட சம்பளத்தில வெட்டினால் நல்ல காரியமோ?"

பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகம் வெளிறிப்போய்க் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விசைகளைத் தட்டினாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்தக் கட்டளைக்கு எதிரே இரத்துச் செய்யப்பட்டதாக இருந்தது. ஞானேஸ்வரி அதோடு எழும்பவில்லை. கடிதத்தின் பிரதி ஒன்றைத் தள்ளி, கிடைத்தது என்று முத்திரை குத்தித் திகதி போட்டுத் தரச் சொன்னாள். அதுவும் வந்தது.

"இனிப் போகாது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அடுத்த ஐந்தாம் திகதிக்குப் பிறகு கணக்கைப் பாருங்கோ அம்மா. போயிருந்தால் இந்தப் பிரதியோட வாங்கோ, எங்கட பிழை. போகாட்டி முடிஞ்சுது." பிறகு, மெதுவாக, "குறை நினைக்காதையுங்கோ" என்றாள். ஞானேஸ்வரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டியில் ஏறி ஆனையிறவுப் பக்கத்துக் காற்றை எதிர்த்து ஓடும்போதுதான், அந்தப் பிள்ளையைக் கடித்தது பிழை என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை.

அடுத்த ஐந்தாம் திகதி அவள் மேசையில் திருப்பி அனுப்பிய சட்டைகள் வழக்கத்தைவிட அதிகம். பெட்டைகள் அவள் பக்கம் வரப் பயந்தார்கள். வேலை முடிந்ததும் தொலைபேசியைப் பார்த்தாள். செய்தி ஒன்றும் இல்லை. செய்தியை நம்பாமல் வங்கி மெசினுக்குப் போய் அட்டையைப் போட்டுக் கடைசியாக நடந்த கொடுக்கல் வாங்கல்களை அச்சடித்துப் பார்த்தாள். சம்பளம் விழுந்திருந்தது. இல்லத்துக்கு ஒன்றும் போகவில்லை. அடுத்த நாளும் பார்த்தாள், போகவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. ஜனகனை அந்தச் சுவரில் இருந்து முழுதாக இறக்கிக்கொண்டு வந்துவிட்டது போல ஒரு நிம்மதி. சந்தையில் நல்ல விளைமீன் வாங்கினாள். கஜனிக்குப் பிடிக்கும்.

மீன் பையை ஸ்கூட்டியில் கொழுவும்போது தொலைபேசி ஒருதரம் ஒலித்தது. இல்லத்தின் இலக்கத்தில் இருந்து ஒரு செய்தி. 'அமரர் ஜனகன் ஞாபகார்த்தமாக மனைவி ஞானேஸ்வரி, மகள் கஜனி ஆகியோர் வழங்கிய மாதாந்த அன்பளிப்பு கிடைக்கப்பெற்றது. நன்றி.'

சந்தை வாசலில் நின்றவர்கள் அவள் போட்ட சத்தத்தில் ஒதுங்கினார்கள். மீனை அப்படியே விட்டுவிட்டு மறுபடி வங்கி மெசினுக்கு ஓடினாள். கணக்கில் ஒரு சதம் குறையவில்லை. பின்னே எந்தக் காசு? யாருடைய காசு? மயில்வாகனம் ஐயாவுக்கு எடுத்தாள்.

"ஐயா, நான் வங்கியிலயும் நிப்பாட்டிப்போட்டன். முத்திரை குத்தின பிரதி கையில இருக்கு. என்ர கணக்கில காசு போகேல்லை. நீங்கள் எந்தக் காசுக்கு ஐயா என்ர மனுசனைத் திரும்பவும் சாகடிக்கிறீங்கள்?"

"இந்த மாசம் புதுசா இப்பிடிச் செய்தி அனுப்பத் தொடங்கின கந்தோர்ப் பிள்ளை, உங்கட பேரையும் சேர்த்து எழுதி, மகளுக்கு அனுப்புறதை உங்கட நம்பருக்கு அனுப்பிப்போட்டா. உங்களுக்கு வந்திருக்கக்கூடாது" என்றார் ஐயா. "பிள்ளை... கோவிக்காதையுங்கோ. இது கஜனியின்ர கணக்கில இருந்து வந்தது. உங்கட மகள் போன கிழமை நேரில வந்தவா. படமும் முந்தி அவாதான் அனுப்பினவா எண்டு எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஞானேஸ்வரி தொலைபேசியை வைத்தாள்.

பிரதாபன் இல்லை. அந்த மனுசனை ஒரு மாதத்துக்கு மேலாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கலியாணப் படம் முன்பு கிடந்தது அவளுடைய சொந்த அலுமாரியில். வெட்டி எடுத்த கை அவள் சோறு தீத்தி வளர்த்த கை. கண்டாவளை வீடு வரைக்கும் ஸ்கூட்டியில் என்ன வேகத்தில் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

கஜனி வேலையால் வந்து குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பானையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"படம் நீயோ குடுத்தனி?"

"ஓம்."

"இப்பக் காசும் நீயோ?"

"ஓம் அம்மா. என்ர சம்பளத்தில ஸ்ராண்டிங் ஓடர் போட்டிருக்கிறன்."

"ஆரைக் கேட்டுப் போட்டனி?"

"நீங்கள் ஆரைக் கேட்டு நிப்பாட்டினீங்கள்?"

ஞானேஸ்வரியின் கை ஓங்கிவிட்டது. பிள்ளை விலகவில்லை. அடி விழவுமில்லை. கை அந்தரத்தில் நின்று, தானாகவே இறங்கியது.

"நாளைக்கே போய் அதை நிப்பாட்டு."

"மாட்டன்."

"நான் போய் நிப்பாட்டுவன்."

"உங்களால ஏலாது அம்மா. அது என்ர கணக்கு."

ஏலாது என்று ஞானேஸ்வரிக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பிள்ளை இதமான குரலில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். உலகத்தில் இருக்கிற வங்கி எல்லாம் ஏறி இறங்கினாலும் இந்த ஓடரை அவளால் நிறுத்த முடியாது.

"நாளைக்கு அவர் இந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்தால், முகத்தை எங்க கொண்டுபோய் வைப்பாய்? மகள் மாலை போட்டவள் எண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்?"

"வந்தால் நான் காலில விழுவன்" என்றாள் கஜனி. குரல் உடைந்தது. "உங்களுக்கு அவரின்ர குரல் தெரியும். அவர் நடக்கிறது தெரியும். உங்களுக்குக் காத்திருக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கு அம்மா. எனக்கு ஒண்டுமே ஞாபகம் இல்லை. நீங்கள் காத்திருக்கிற வீட்டில நான் வளர்ந்தனான், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில அப்பா செத்த பிள்ளையள் அழுவாளவை. எனக்கு அழவும் விடேல்லை நீங்கள். அழுதால் உங்களுக்குக் கோவம் வரும். எனக்கு மாசத்தில ஒரு நாள் வேணும். அந்தப் பிள்ளையள் கண்ணை மூடுறதுகள் எண்டு கந்தோர்ப் பிள்ளை சொன்னவா, அதை நினைக்கேக்க எனக்காகவும் ஆரோ அழுற மாதிரி இருக்கும்."

ஞானேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரிசைக்குக் கூப்பிட்டவன்மேல் கோபம். பதில் சொல்லாத கந்தோர்கள்மேல் கோபம். தன்னிடம் கேட்காமல் படத்தை வெட்டிய மகள்மேல் கோபம். இந்தப் பிள்ளை தன் கண்ணுக்கு முன்னாலேயே அழ இடம் தேடிக் கனகராயன்குளம் வரைக்கும் போயிருக்கிறதே, அது தெரியாமல் இருந்த தன்மேல் எல்லாவற்றிலும் பெரிய கோபம். ஆனால் அதற்காக ஜனகனைக் கொடுக்க முடியாது. முடியவே முடியாது.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அடுப்பில் நெருப்பு தணிந்தது.

"உன்ர அப்பாவுக்கு நீ என்னவும் செய்" என்றாள் கடைசியில். "மாலை போடு, விளக்குக் கொளுத்து. என்ர புருஷனில மட்டும் கை வைக்காதே."

கஜனி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஞானேஸ்வரி எழும்பிப் போய் அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டாள். தொலைபேசியை எடுத்து இல்லத்துக்கு எழுதத் தொடங்கினாள். இந்தமுறை சிவரூபி பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, மரியாதையாகத்தான் எழுதினாள்.

'வணக்கம் ஐயா. அந்த அன்பளிப்பை மகள் கஜனியின் பெயரில் மட்டும் பதிந்துகொள்ளுங்கள். மனைவி தரவில்லை. நன்றி.'